யாரும் கேட்காத பனிக்காட்சி: டியூக் நியூகம் ஃபாரெவர், ஒரு நிகழ்வு ஆய்வு

2009 மே மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த 3டி ரியல்ம்ஸ் என்ற கேம் நிறுவனம் தன் டீமை வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் செய்துகொண்டிருந்த கேமின் பெயர் டியூக் நியூகம் ஃபாரெவர். 1997 ஏப்ரலில் அறிவித்தபோது அடுத்த ஆண்டே வந்துவிடும் என்றார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்தும் முடியவில்லை. அதன் முதலாளிகள் ஜார்ஜ் புரூஸார்டும் ஸ்காட் மில்லரும் அதற்குள் சொந்தப் பணமாகவே 2 கோடி டாலர் போட்டிருந்ததாகச் சொன்னார்கள். திறமையில்லாத டீம் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுடைய முந்தைய கேம் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் விற்றது. அவர்கள் சோம்பி இருக்கவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டும் வேலை நடந்துகொண்டேதான் இருந்தது. சிக்கல் அந்த வேலையில் பெரும்பகுதி யாரும் கேட்காத வேலை என்பதில் இருந்தது.

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டில் இதைக் கோல்டு பிளேட்டிங் என்கிறோம். வாடிக்கையாளர் நடுவில் வந்து “இதையும் சேர்த்துக் கொடுங்கள்” என்று கேட்டு வேலை பெருகினால் அது ஸ்கோப் க்ரீப். அதில் கேட்டவர் யார் என்பது தெரியும், அதனால் கூடுதல் பணமும் நாளும் கேட்க வழி உண்டு. கோல்டு பிளேட்டிங்கில் கேட்டவரே கிடையாது. செய்பவரே, நல்ல எண்ணத்தோடு, “இதுவும் இருந்தால் நன்றாக இருக்குமே” என்று சேர்க்கிறார். பில் போட ஆள் இல்லாத வேலை அது. அதனால்தான் அதன் செலவு எந்தத் தாளிலும் தனியாகத் தெரிவதில்லை. இந்த ஆய்வில் நான் பார்க்க நினைப்பது அந்த ஒரு விஷயத்தைத்தான்: கேட்காத வேலையின் செலவு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது.

தொடக்கத்தில் இருந்த திட்டம்

1996 ஜனவரியில் வந்த டியூக் நியூகம் 3டி பெரிய வெற்றி. அதன் அடுத்த பாகத்தை வெளியிட்டு விற்கும் பப்ளிஷராக ஜிடி இன்டராக்டிவ் நிறுவனம் இருந்தது. எதிர்பார்ப்பு எளிமையானது: அதே நாயகன், அதே நக்கல், லாஸ் வேகாஸும் நெவாடா பாலைவனமும் களம், புதுத் தலைமுறை கிராபிக்ஸ்.

கிராபிக்ஸுக்காக 3டி ரியல்ம்ஸ் தானே எஞ்சின் எழுத உட்காரவில்லை. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் குவேக் 2 எஞ்சினுக்கு உரிமம் வாங்கியது. விலை சுமார் 5 லட்சம் டாலர் என்று அப்போது பேசப்பட்டது. எஞ்சின் என்பது கேமின் அடித்தளம். காட்சியை வரைவது, ஒலி, பாத்திரங்கள் நடமாடும் விதம், மேப் எப்படிக் கட்டப்படுகிறது என்பது எல்லாம் அதற்குள் அடங்கும். விலை கொடுத்து வாங்கியது நல்ல முடிவு. எஞ்சின் எழுதும் ஓரிரு ஆண்டு மிச்சமாகும், டீம் கேமின் உள்ளடக்கத்தில் கவனம் வைக்கலாம். 1998 மே மாதம் அட்லாண்டாவில் நடந்த இ3 கண்காட்சியில் குவேக் 2 எஞ்சினில் ஓடிய காட்சிகளைக் காட்டினார்கள். கூட்டம் ரசித்தது.

ஆறு வாரம் என்று சொன்ன மாற்றம்

அடுத்த மாதமே, 1998 ஜூனில், எஞ்சினை மாற்றப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. குவேக் 2 போய் அன்ரியல் எஞ்சின். பெரிய திறந்தவெளிகளை, அதாவது பாலைவனக் காட்சிகளை, அன்ரியல் இன்னும் நன்றாகக் காட்டும் என்பது காரணம். மாற்றத்துக்கு ஒரு மாதம் முதல் ஆறு வாரம் பிடிக்கும், வெளியீடு பெரிதாகத் தள்ளிப்போகாது என்று புரூஸார்ட் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆறு வாரம் என்ற கணக்கு ஏன் நிற்காது என்பது அந்த இரண்டு எஞ்சின்களையும் தொட்டவர்களுக்குத் தெரியும். குவேக் குடும்ப எஞ்சினில் மேப் செய்வது வெற்றிடத்தில் சுவர் எழுப்புவது மாதிரி. ஒன்றுமில்லாத வெளியில் தரை வைப்பீர்கள், சுவர் வைப்பீர்கள், கூரை போடுவீர்கள். அந்தக் கால அன்ரியலில் நேர்மாறு. உலகம் முழுக்கத் திடப்பொருள் என்று தொடங்கும். அதற்குள் குடைந்து குடைந்து அறையை எடுக்க வேண்டும். ஆக குவேக்கில் கட்டிய ஒரு மேப்பை அப்படியே அன்ரியலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மறுபடி குடைய வேண்டும். எதிரிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், கதவு எப்போது திறக்க வேண்டும் என்ற விதிகள் குவேக் 2வில் சி மொழியில் எழுதப்பட்டவை. அன்ரியலில் அதற்கென்று தனியாக அன்ரியல்ஸ்கிரிப்ட் என்ற மொழி. அந்த விதிகளையும் புதிதாக எழுத வேண்டும். மேப்பும் போய், விதிகளும் போனால், கையில் மிஞ்சுவது ஓவியங்களும் ஒலிகளும் யோசனைகளும்தான்.

ஆறு வாரம் என்பது எஞ்சினைப் பொருத்தி ஓட வைக்கும் நேரமாக வேண்டுமானால் இருந்திருக்கலாம். அந்த எஞ்சின் மேல் ஏற்கெனவே கட்டியிருந்ததையெல்லாம் மறுபடி கட்டும் நேரம் அந்தக் கணக்கில் வரவில்லை. கேட்காத வேலைக்குப் போடும் மதிப்பீடு பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். சேர்க்கும் வேலையை மட்டும் எண்ணுவார்கள். சேர்ப்பதால் அசையும் வேலையை எண்ண மாட்டார்கள். கேட்ட வேலையாக இருந்தால் எதிரே பணம் கொடுப்பவர் உட்கார்ந்து “இதனால் எதெல்லாம் மாறும்?” என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.

இன்னொரு உண்மையையும் இங்கே சொல்ல வேண்டும். அன்ரியல் அந்த நேரத்தில் நிஜமாகவே அழகான எஞ்சின். யோசனை மோசமில்லை. கோல்டு பிளேட்டிங் வரும்போது பெரும்பாலும் நல்ல யோசனையாகத்தான் வரும். மோசமாக இருந்தால் வாசலிலேயே யாராவது தடுத்துவிடுவார்கள்.

பனி வந்த வழி

1999 போனது. 2000 போனது. ஜிடி இன்டராக்டிவை இன்ஃபோக்ராம்ஸ் வாங்கியது. பிறகு 2000 டிசம்பரில் அவர்களிடமிருந்து பப்ளிஷிங் உரிமையை டேக்-டூ நிறுவனம் 1.2 கோடி டாலருக்கு வாங்கியது. 2001 இ3 கண்காட்சியில் புது டிரெய்லர் காட்டினார்கள். அதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அந்த வருடமோ அடுத்த வருடமோ வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னாளில் பத்திரிகைக்குச் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு இந்த முழுக் கதையையும் விளக்குகிறது. அண்டார்க்டிகாவில் நடக்கும் ஒரு புது கேம் சந்தைக்கு வந்தது. புரூஸார்ட் அதைப் பார்த்தார். உடனே தங்கள் கேமிலும் பனிக்காட்சி வேண்டும் என்று அழுத்தம் கொடுக்கத் தொடங்கினார். லாஸ் வேகாஸில் நடக்கும் கதைக்குப் பனி எதற்கு என்று கதை கேட்கவில்லை, பப்ளிஷர் கேட்கவில்லை, வாங்கக் காத்திருந்தவர்களும் கேட்கவில்லை. புதிதாக எந்த நல்ல கேம் வந்தாலும் அவர் பார்வையில் படாமல் இருந்தால் தேவலை என்று டீமில் பேசிக்கொள்ளும் நிலை வந்தது.

ஒரு பனிக்காட்சி என்றால் வெள்ளைத் தரை மட்டும் போதாது. பனியில் நடந்தால் ஒலி வேறு. காலடித் தடம் விழ வேண்டும். மூச்சுக்காற்று புகையாக வர வேண்டும் என்று யாராவது சொல்வார். வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் விதம் மாறும். எதிரிகளுக்கு உடை மாறும். பிறகு அந்தக் காட்சி கதையில் ஏன் வருகிறது என்பதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும், அதற்கு இன்னொரு காட்சி. இதில் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சில நாள் வேலை.

எஞ்சினின் உள்பாகங்களும் இதே போலத்தான் மாறின. காட்சியை வரையும் பகுதியை மாற்றி எழுதினார்கள். பொருட்கள் விழுவது, உருள்வது, உடைவதைக் கணக்கிடும் பிசிக்ஸ் பகுதியை 2004ல் மெக்கான் என்ற புது மென்பொருளுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். ஒவ்வொரு முறையும் வெளியே தொழில்நுட்பம் ஒரு படி ஏறியிருக்கும், உள்ளே இருப்பது பழையதாகத் தெரியும், அதை மாற்ற இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு. அதற்குள் வெளியே இன்னொரு படி. 2003 வாக்கில் இதையெல்லாம் செய்ய அங்கே இருந்தவர்கள் 18 பேர். அந்தக் காலத்துப் பெரிய கேம்களுக்கு அதைப் போலப் பல மடங்கு ஆள் தேவைப்பட்டது. வேலைப் பட்டியல் வளர்ந்தது, ஆள் வளரவில்லை.

ஏன் மணி அடிக்கவில்லை

வெளியீட்டுத் தேதி கேட்டால் 3டி ரியல்ம்ஸின் பதில் எப்போதும் ஒன்றுதான்: முடிந்ததும் வரும். ரசிகர்களுக்கு அது தரத்தின் உறுதிமொழியாகக் கேட்டது. ப்ராஜெக்ட் கணக்கில் அதற்கு வேறு பொருள். தேதி இல்லை என்றால் தாமதம் என்று ஒன்று இருக்க முடியாது. தாமதம் இல்லை என்றால், பனிக்காட்சியால் எத்தனை வாரம் போனது என்று யாரும் கேட்க முடியாது.

பணப்பக்கமும் அப்படியே. வழக்கமாக பப்ளிஷர் கட்டம் கட்டமாக முன்பணம் தருவார். இன்ன வேலை முடிந்தால்தான் அடுத்த தவணை. அது டெவலப்பருக்கு எரிச்சல், ஆனால் அதுவே கடிவாளம். இங்கே முதலாளிகள் சொந்தப் பணத்தில் செய்தார்கள். முந்தைய கேமின் வருமானம் இருந்தது. 2002ல் மாக்ஸ் பேய்ன் கேமின் உரிமையை விற்றதிலும் பணம் வந்தது. சுதந்திரமாக வேலை செய்ய வேண்டும் என்று அவர்கள் தேர்ந்தெடுத்த வழி அது, அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் செய்பவரும் அவரே, செலவழிப்பவரும் அவரே, ஒப்புதல் கொடுப்பவரும் அவரே என்றானபோது ஒவ்வொரு சேர்ப்பும் விலைச்சீட்டு இல்லாமலே உள்ளே வந்தது.

டேக்-டூ ஊக்கத்தொகை காட்டியும் பார்த்தது. 2006 முடிவதற்குள் கேம் வெளிவந்தால் 5 லட்சம் டாலர் தருவதாக ஒப்பந்தத்தில் இருந்தது. அதற்காகக் கேமை அவசரப்படுத்த மாட்டோம் என்று புரூஸார்ட் சொல்லிவிட்டார். அதே காலத்தில் டீமில் பல பேர் வேலையை விட்டுப் போனார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்தும் பெயர் போட்டு வெளிவந்த கேம் என்று காட்ட ஒன்றுமில்லாத நிலையில் எத்தனை பேர் இருப்பார்கள்? இதுவும் கோல்டு பிளேட்டிங்கின் செலவுதான். போனவர் எழுதிய பகுதியைப் புதியவர் புரிந்துகொள்ள ஆகும் மாதங்கள் எந்தப் பட்ஜெட் வரியிலும் இருப்பதில்லை.

நம் மேஜையில் இதே விஷயம்

டியூக் நியூகம் பெரிய கதை என்பதால் “நம்ம ஆபீஸ்ல இப்படியெல்லாம் நடக்காது” என்று தோன்றலாம். அதே இயக்கம் சின்ன அளவில் எப்படி நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விலையை முன்பே முடிவு செய்துவிட்ட ஃபிக்ஸட் பிட் ப்ராஜெக்ட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கேட்டது மாத விற்பனை ரிப்போர்ட் பக்கம். கிளை வாரியாகப் பார்க்க வேண்டும், பிடிஎஃப்பாக இறக்க வேண்டும். மதிப்பீடு 40 மணி நேரம். டெவலப்பர் நல்ல பையன். பிடிஎஃப் கொடுக்கும்போது எக்செல்லும் கொடுக்கலாமே, அதில் ஒரு சார்ட்டும் வைத்துவிடலாமே என்று சேர்க்கிறான். “சின்ன வேலைதான் சார், ரெண்டு நாள்ல முடிச்சிட்டேன்” என்கிறான். 16 மணி நேரம். டைம்ஷீட்டில் அதை எங்கே போடுவான்? எக்செல் சார்ட் என்று ஒரு டாஸ்க் கிடையாது. அதனால் ரிப்போர்ட் பக்கம் என்ற டாஸ்க்கிலேயே ஏறுகிறது. இப்போது அந்த டாஸ்க்குக்கு 56 மணி நேரம்.

ஏர்ன்டு வேல்யூ கணக்கில் பார்த்தால், முடித்த வேலையின் மதிப்பு 40 மணி நேரம்தான். ஏனென்றால் திட்டத்தில் இருப்பது அவ்வளவுதான். எக்செல் சார்ட்டுக்குத் திட்டத்தில் மதிப்பு பூஜ்யம். செலவு 56. இரண்டையும் வகுத்தால் செலவுத் திறன் 0.71. அதாவது போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 71 காசு மதிப்புக்கு வேலை நடந்திருக்கிறது. மேனேஜர் இந்த எண்ணைப் பார்த்து என்ன நினைப்பார்? பையன் மெதுவாக வேலை செய்கிறான், அல்லது மதிப்பீடு தப்பு என்று நினைப்பார். கேட்காத வேலை நடந்தது என்று அந்த எண்ணில் எங்கும் எழுதியிருக்காது. டியூக் நியூகமின் 2 கோடி டாலரும் இப்படி ஏதோ ஒரு நியாயமான வேலையின் பெயரில்தான் ஏறியிருக்கும்.

கதை அங்கே முடிவதில்லை. டெஸ்டர் திங்கட்கிழமை தொடங்க வேண்டியது புதன்கிழமை ஆகிறது. அந்த டெஸ்டரை வாரக் கடைசியில் வேறு ப்ராஜெக்டுக்குத் தருவதாகப் பேச்சு. அப்போது இந்த டாஸ்க்குக்கான தாமதம் இரண்டு நாளோடு நிற்காது, அவர் திரும்பி வரும் வரைக்கும் நீளும். டெஸ்ட் செய்யும்போது பிடிஎஃப்பைச் சோதிக்கும் எல்லாச் சோதனையையும் எக்செல்லுக்கும் செய்ய வேண்டும். யூசர் மேனுவலில் ஒரு பக்கம் கூடுகிறது.

டெலிவரிக்குப் பிறகு வாடிக்கையாளர் எக்செல்லைப் பார்த்து மகிழ்கிறார். அடுத்த மாதம் ஒரு லட்சம் வரிசை உள்ள டேட்டாவோடு இறக்கிப் பார்க்கிறார். ஃபைல் திறக்கவில்லை. டிஃபெக்ட் போடுகிறார். ஒப்பந்தத்தில் மூன்று மாத வாரண்டி இருக்கிறது. “அது நீங்க கேட்டதே இல்லையே சார்” என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு எப்படிப் போகிறது என்று தெரியும். கொடுத்ததுமே அது பரிசு என்ற நிலையிலிருந்து பொறுப்பு என்ற நிலைக்கு வந்துவிட்டது. இலவசமாகச் செய்ததை இலவசமாகவே சரிசெய்து தர வேண்டும்.

இன்னொரு சேதம் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. அடுத்த ப்ராஜெக்டுக்கு மதிப்பீடு போடும்போது, போன தடவை ரிப்போர்ட் பக்கத்துக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று பழைய பதிவைப் பார்ப்போம். 56 என்று இருக்கும். அதுவே புது மதிப்பீடு ஆகும். ஒரு வேளை அந்த டெண்டர் விலை அதிகம் என்று கைவிட்டுப் போகும். எக்செல் சார்ட் சேர்த்த பையனுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்று யாருக்கும் தெரியவே தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, அது டைம்ஷீட்டில் இல்லை, தேவைப் பட்டியலில் இருக்கிறது. டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸ் என்று ஒரு அட்டவணை வைத்திருப்போம். பல இடங்களில் ஆடிட்டுக்காக மட்டும் நிரப்பும் தாள் அது. வழக்கமாக அதை மேலிருந்து கீழாகப் படிப்போம்: இந்தத் தேவைக்கு ப்ரோகிராம் கோடு இருக்கிறதா, டெஸ்ட் இருக்கிறதா என்று. அதைத் திருப்பிப் படிக்க வேண்டும். இந்த டெஸ்ட் எந்தத் தேவைக்கு? இந்தத் திரை எந்த வரிக்கு? பதில் இல்லாமல் தொங்கும் வரிசைதான் கேட்காத வேலை. இன்னொரு அறிகுறி, 90 சதவீதம் முடிந்தது என்று மூன்று வாரமாக அதே இடத்தில் நிற்கும் டாஸ்க். ஒன்று நிஜமாகவே ஏதோ சிக்கல், இல்லாவிட்டால் யாரோ மெருகு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் போய் “இப்ப எதுல இருக்கீங்க, காட்டுங்க” என்று கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மறுபடி செய்வதெல்லாம் கோல்டு பிளேட்டிங் ஆகாது

இங்கே நியாயமாக ஒரு எதிர்க்கேள்வி வரும். அப்படியானால் நல்ல கேம் எப்படி வரும்? தரத்துக்காகத் தள்ளிப்போடுவது தப்பா?

அதே காலத்திலிருந்தே பதில் எடுக்கலாம். வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் 1997 கடைசியில் வர வேண்டிய கேம். செய்து பார்த்தபோது கேம் விளையாடச் சுவையாக இல்லை என்று அவர்களே முடிவு செய்து, பெரும்பகுதியைக் கலைத்து மறுபடி செய்தார்கள். சுமார் ஓர் ஆண்டு தள்ளி 1998 நவம்பரில் வந்தது. இன்றும் கேம் வரலாற்றில் பேசப்படும் வெற்றி அது.

இரண்டும் ஒரே செயல் போலத் தெரியும். ஆனால் வால்வ் மறுபடி செய்தது சுவையான கேம் என்ற அடிப்படைத் தேவை நிறைவேறாததால். அது கேட்ட வேலை. அவர்கள் வாங்கியிருந்தது குவேக் எஞ்சின், குவேக் 2வைவிடப் பழையது. அதைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள், ஆனால் நடுவில் வேறு எஞ்சினுக்குத் தாவவில்லை. கேமுக்குத் தேவையான இடத்தில் துணிச்சலாகக் கலைத்தார்கள், மற்ற இடத்தில் கையில் இருந்ததோடு நின்றார்கள். டியூக் டீம் பல முறை கலைத்தது அடித்தளத்தை. அந்த அடித்தளத்தின் மேல் விளையாடச் சுவையாக இருக்கிறதா என்று முழுதாகப் பார்க்கும் கட்டத்துக்கு வருவதற்குள் அடித்தளம் மறுபடி மாறியது.

கடைசி ஆண்டுகள்

2006க்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. ஆட்களைச் சேர்த்தார்கள். ஐடி சாஃப்ட்வேரில் வேலை பார்த்த பிரையன் ஹூக் டீமை நடத்த வந்தார். புரூஸார்டின் புதுச் சேர்ப்புகளுக்கு முடியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான் என்று டீமில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த மாதிரி ஓர் ஆள் 1998லேயே இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. 2007ல் வந்த கிரியேட்டிவ் டைரக்டர் அதுவரை செய்ததை விளையாடிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருடம் உழைத்தால் வெளியிடலாம், எல்லோரையும் அசத்தலாம் என்று நம்பினார். புரூஸார்ட் மனதில் இருந்த கணக்கு இன்னும் இரண்டு வருடம்.

கடைசியில் சொந்தப் பணம் தீர்ந்தது. முடிக்க 60 லட்சம் டாலர் வேண்டும் என்று டேக்-டூவிடம் கேட்டார்கள். டேக்-டூ முதலில் 25 லட்சமும் முடித்த பிறகு 25 லட்சமும் தருவதாகச் சொன்னது. பேச்சு முறிந்தது. டீம் கலைந்தது. டேக்-டூ வழக்குப் போட்டது, 2010ல் சமரசமானது. கலைந்த டீமில் சிலர் வீட்டிலிருந்தே கேமைத் தொடர்ந்தார்கள். பிறகு கியர்பாக்ஸ் நிறுவனம் எடுத்து முடிக்க, 2011 ஜூனில் கேம் வெளிவந்தது.

வந்த கேமைப் பற்றி விமர்சகர்கள் பெரும்பாலும் கடுமையாகவே எழுதினார்கள். பழைய பாணி, ஒவ்வொரு கட்டமும் லோடு ஆக நீண்ட நேரம், ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் ஒட்டு இல்லை. என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு சின்ன விஷயம். பழைய டியூக் நியூகம் 3டியில் கிடைத்த ஆயுதம் எல்லாவற்றையும் நாயகன் சுமந்துகொண்டே போவான். அந்த அட்டகாசம்தான் ரசிகர்களுக்குப் பிடித்தது. 2011ல் வந்ததில் ஒரு நேரத்தில் இரண்டு ஆயுதம்தான். நடுவில் வந்த மற்ற வெற்றிகரமான கேம்களில் இருந்த வழக்கம் அது. ரசிகர்கள் முறையிட்ட பிறகு, கம்ப்யூட்டர் பதிப்பில் அதை நான்காக உயர்த்தி ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். அடுத்த பாகம் வேண்டும் என்று காத்திருந்தவர்களுக்குத் தேவைப்பட்டதைத் திருப்பிக் கொடுக்க அந்தத் திருத்தம் வேண்டியிருந்தது.

யோசனை வரும்போது என்ன செய்வது

நல்ல யோசனை வருவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அதை எங்கே எழுதுகிறோம் என்பதுதான் விஷயம். நான் வேலை பார்த்த டீம்களில் நன்றாக நடந்த முறை இது. டெவலப்பருக்கு ஒரு யோசனை தோன்றினால் கோடில் எழுத மாட்டார், சேஞ்ச் ரெக்வெஸ்ட் பட்டியலில் ஒரு வரி எழுதுவார். என்ன சேர்க்கலாம், செய்ய எத்தனை மணி நேரம், சேர்த்தால் ஏற்கெனவே முடித்ததில் எதெல்லாம் மறுபடி தொட வேண்டும், டெஸ்டருக்கு எவ்வளவு. மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத உட்காரும்போதே பாதி யோசனைகள் தாமாக வாபஸ் ஆகிவிடும். மிச்சத்தை வாரம் ஒருமுறை வாடிக்கையாளரிடம் விலையோடு காட்டுவோம். எக்செல் சார்ட் வேண்டுமா, செய்யும் செலவு 16 மணி நேரம், டெஸ்டோடு சேர்த்து 24, டெலிவரி மூன்று நாள் தள்ளும். சில சமயம் “வேணும், பில் போடுங்க” என்பார்கள். சில சமயம் “அது வேண்டாம், அந்த மூணு நாளை லாகின் ஸ்பீடு மேல போடுங்க” என்பார்கள். அந்த இரண்டாவது பதில் வரும்போதுதான், அவர்களுக்கு உண்மையில் எது வலிக்கிறது என்று எங்களுக்குத் தெரியவரும்.

யோசனை சொன்னவரின் பெயரையும் அந்த வரியிலேயே போடுவோம். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் அது அவர் கொண்டுவந்த வேலை, அப்ரைசலில் அப்படியே எழுதலாம். இதைச் சேர்த்த பிறகுதான், ராத்திரி உட்கார்ந்து சொல்லாமல் சேர்க்கும் பழக்கம் டீமில் குறைந்தது.